ஒட்டுண்ணி தெரிகிறது, வகை தெரியவில்லை: மலேரியா ஸ்லைடில் தடுமாறும் இடங்கள்

காய்ச்சல் நோயாளியின் ரத்தப் பூச்சில் மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா இல்லையா என்று சொல்லப் பழகிவிடலாம். அது எந்த வகை என்று எழுதும்போதுதான் கை நிற்கிறது. நான் வேலை பார்ப்பது சென்னையில். இங்கே நாங்கள் பார்ப்பதில் பெரும்பங்கு வைவாக்ஸ். ஃபால்சிபேரம் பெரும்பாலும் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களிடம் தென்படும். ஆகவே எங்கள் மேசையில் தினமும் எழும் கேள்வி இது வைவாக்ஸா, ஃபால்சிபேரமா, இல்லை இரண்டுமா என்பதுதான். அதை ஒட்டியே எழுதுகிறேன். மலேரியே, ஓவேல், நோலெசி என்ற மற்ற வகைகள் குறுக்கே வரும் இடங்களில் மட்டும் அவற்றைத் தொட்டுப் போகிறேன்.

பதில் மாறினால் மருந்தும் மாறும். ஃபால்சிபேரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து தேவை. அதைத் தவறவிட்டால் இரண்டொரு நாளில் மூளை, சிறுநீரகம் வரை போய்விடும். வைவாக்ஸ் ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் திரும்பி வரும். அதனால் அதற்குப் பிரைமாகுவினைப் பதினான்கு நாள் கொடுக்கிறார்கள். "மலேரியா பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் மருத்துவரால் இரண்டையும் சரியாகச் செய்ய முடியாது.

கீழே இருக்கும் ஒவ்வொரு தலைப்பும் நுண்ணோக்கியில் கண் வைத்தவர் சொல்லும் ஒரு புகார். உங்கள் ஸ்லைடில் எது பொருந்துகிறதோ அங்கிருந்து படிக்கலாம்.

"தடித்த பூச்சு கலங்கலாக இருக்கிறது, எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை"

முதலில் இரண்டு பூச்சுகளுக்கும் உள்ள வேலைப் பிரிவினை. தடித்த பூச்சில் ஏறக்குறைய 6 மைக்ரோலிட்டர் ரத்தத்தை ஒரு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் பரப்புகிறோம். அதை மெத்தனாலில் நிலைநிறுத்துவதில்லை. சாயத்தில் இருக்கும் தண்ணீர் பட்டதும் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் கரைந்து போகும். மிஞ்சுவது வெள்ளையணு, தட்டணு, ஒட்டுண்ணி மட்டும். ஒரே ஃபீல்டில் பல அடுக்கு ரத்தத்தைப் பார்த்துவிடலாம் என்பதால் குறைவாக இருக்கும் ஒட்டுண்ணியும் கிடைத்துவிடும். ஆனால் அது குடியிருந்த சிவப்பணு போய்விட்டது. வகையைச் சொல்ல உதவும் பெரிய சாட்சியே அந்தச் சிவப்பணுதான். அது மெல்லிய பூச்சில்தான் முழுதாக இருக்கும். கண்டுபிடிக்கத் தடித்தது, பெயர் வைக்க மெல்லியது.

தடித்த பூச்சு கலங்கலாக, சிவப்பணுக்களின் நிழலோடு அழுக்குச் சிவப்பாகத் தெரிந்தால் அது பாதியோ முழுதோ நிலைத்துப் போயிருக்கிறது. மூன்று காரணங்கள் உண்டு. அவசரத்தில் ஸ்லைடை விளக்கின் சூட்டிலோ வெயிலிலோ காயவைத்திருக்கலாம். ஒரே ஸ்லைடில் இரண்டு பூச்சும் இருக்கும்போது மெல்லிய பக்கத்தை மெத்தனாலில் தோய்த்த கையோடு ஸ்லைடை நிமிர்த்திப் பிடித்ததால் மெத்தனாலோ அதன் ஆவியோ தடித்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். அல்லது சாயமிடாமல் சில நாள் வைத்திருக்கலாம். நம்ம ஊர் சூட்டில் அது தானாகவே நிலைத்துவிடும். தோய்த்த பின் மெல்லிய பக்கம் கீழே சரியும்படி ஸ்லைடைச் சாய்த்து உலரவிடுங்கள். பூச்சு எடுத்த அன்றோ மறுநாளோ சாயமிட்டுவிடுங்கள்.

பூச்சே கழுவிக்கொண்டு போய்விட்டால் ஸ்லைடில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும், அல்லது உள்ளே முழுதாகக் காயவில்லை. சரியான கனத்துக்கு ஒரு பழைய சோதனை உண்டு. ஈரமாக இருக்கும்போதே பூச்சைச் செய்தித்தாளின் மேல் வையுங்கள். எழுத்துகள் மங்கலாக, ஆனால் படிக்கும்படி தெரிந்தால் கனம் சரி.

"வளையங்கள் மட்டுமே தெரிகின்றன. எந்த வகை?"

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. என்னிடம் புதிதாகச் சேர்ந்த பெண் முதல் வாரமே ஸ்லைடை வைத்துவிட்டு, "அக்கா, வளையம் மட்டும்தான் இருக்கு, அப்போ ஃபால்சிபேரம்தானே?" என்று கேட்டாள். அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே நழுவுகிறது என்று பார்ப்போம்.

உண்மையான பாதி இது. ஃபால்சிபேரம் சிவப்பணுவுக்குள் 48 மணி நேரம் வளர்கிறது. முதல் பாதியில் அது இளம் வளையம். வளர்ந்ததும் சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டும் தன்மையுள்ள புரதத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். அந்தச் சிவப்பணு மூளை, நஞ்சுக்கொடி போன்ற உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றோட்டத்திலிருந்து மறைந்துவிடும். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியில் அதனால்தான் வளையங்கள் மட்டும் வருகின்றன. பத்துப் பன்னிரண்டு நாள் கடந்திருந்தால் கூடவே கொசுவுக்குப் பரவும் நிலையான பிறை வடிவக் கேமட்டோசைட்டுகளும் வரும். வைவாக்ஸ் இப்படி ஒளிவது குறைவு. அதன் வளையம், வளர்ந்த நிலை, பிளவுபட்ட நிலை, கேமட்டோசைட் எல்லாமே ஒரே ஸ்லைடில் கலந்து கிடக்கும்.

நழுவும் பாதி இது. வைவாக்ஸ் நோயாளிக்கும் காய்ச்சல் ஏறிய சற்று நேரத்தில் ரத்தம் எடுத்தால், பழைய சிவப்பணுக்கள் அப்போதுதான் வெடித்துப் புது ஒட்டுண்ணிகள் நுழைந்திருக்கும். அந்த நேரத்தில் இளம் வளையங்களே அதிகம் தெரியும். அவற்றைச் சுற்றிய சிவப்பணு இன்னும் பெரிதாகியிருக்காது, அதன் மேல் தெரியும் ரோஜா நிறப் புள்ளிகளும் வந்திருக்காது. அந்தச் சில மணி நேரத்துக்கு இரண்டையும் ஒரு தனி வளையத்தை வைத்துப் பிரிப்பது யாராலும் முடியாது.

ஆகவே ஒரு வளையத்தை உற்றுப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மெல்லிய பூச்சில் சிவப்பணுக்கள் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் ஒரே அடுக்காக இருக்கும் இடத்துக்குப் போங்கள். அது பூச்சின் வால் பக்கத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். நுனிக்கே போனால் எல்லாச் சிவப்பணுவும் தட்டையாகிப் பெரிதாகத் தெரியும். கனமான பக்கம் போனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எல்லாம் சிறிதாகத் தெரியும். இரண்டு இடத்திலும் அளவை நம்பக் கூடாது. சரியான இடத்தில் நூறு மடங்கு எண்ணெய் லென்ஸை வைத்து, ஒட்டுண்ணி உள்ள சிவப்பணுக்களை இருபது இருபத்தைந்தாவது பாருங்கள். ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் இருக்கும் ஒட்டுண்ணி இல்லாத சிவப்பணுவோடு ஒப்பிடுங்கள்.

நான் முதலில் பார்ப்பது அளவை. ஒட்டுண்ணி உள்ள சிவப்பணு பக்கத்து அணுவைவிடத் தெளிவாகப் பெரிதாக, வெளிறி இருந்தால் வைவாக்ஸ் பக்கம் சாய்கிறேன். அளவு அப்படியே இருந்தால் ஃபால்சிபேரம் அல்லது மிக இளம் வைவாக்ஸ். அடுத்தது வளையத்தின் கனம். ஃபால்சிபேரம் வளையம் பென்சிலால் கீறியது போல மெல்லியது, சிவப்பணுவின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஒரே வளையத்தில் இரண்டு குரோமாட்டின் புள்ளிகள் அடிக்கடி இருக்கும். ஒரே சிவப்பணுவில் இரண்டு மூன்று வளையங்களும், விளிம்பில் ஒட்டவைத்தது போன்ற வடிவங்களும் உண்டு. வைவாக்ஸ் வளையம் தடித்தது, பெரிய ஒற்றைக் குரோமாட்டின், கொஞ்சம் வளர்ந்ததும் கோணல்மாணலாகக் கால் நீட்டத் தொடங்கிவிடும். ஒன்று நினைவில் இருக்கட்டும். வைவாக்ஸிலும் இரட்டைப் புள்ளி, இரட்டை வளையம் எப்போதாவது வரும். அது ஃபால்சிபேரத்துக்குத் தனி முத்திரை அல்ல. எத்தனை அணுவில் அப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

அப்புறம் எண்ணிக்கை. வைவாக்ஸ் பெரும்பாலும் இளம் சிவப்பணுவான ரெட்டிகுலோசைட்டையே தேடிப் பிடிக்கும். ரத்தத்தில் அவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் என்பதால் அதன் எண்ணிக்கை நூற்றுக்கு இரண்டைத் தாண்டுவது அரிது. ஃபால்சிபேரத்துக்கு அந்த வரம்பு கிடையாது. நூறு சிவப்பணுவில் நான்கைந்தில் வளையம் தெரிந்து, வளர்ந்த நிலை ஒன்றுகூட இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் மிச்சமிருக்காது.

தடித்த பூச்சும் இங்கே கைகொடுக்கும். ஃபால்சிபேரத்தில் ஒரே அளவுள்ள சின்ன வளையங்கள் ஃபீல்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். உடைந்து காற்புள்ளி போல, ஆச்சரியக்குறி போலத் தெரிவதும் உண்டு. வைவாக்ஸில் அளவுகள் ஒழுங்கின்றி இருக்கும், நீலத் துணுக்குகளாகச் சைட்டோபிளாசம் சிதறியிருக்கும். பூச்சின் ஓரத்தில் சில ஒட்டுண்ணிகளைச் சுற்றி வெளிர் ரோஜா நிறப் புகை வட்டம் தெரியும். அது கரைந்துபோன சிவப்பணு விட்டுச் சென்ற ஷூஃப்னர் புள்ளிகளின் தடம்.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவு வரவில்லையா? எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு பூச்சு எடுங்கள். வைவாக்ஸ் வளையங்கள் அதற்குள் வளர்ந்து தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அதுவரை சிகிச்சை காத்திருக்கக் கூடாது. "வளையங்கள் மட்டும், ஃபால்சிபேரத்தை விலக்க முடியவில்லை" என்று எழுதி மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் ஃபால்சிபேரம் என்றே எடுத்துக்கொண்டு தொடங்குவார்.

"பெரிய சிவப்பணு, வைவாக்ஸ் மாதிரியே இருக்கிறது. ஆனால் புள்ளிகளைக் காணோம்"

ஷூஃப்னர் புள்ளிகள் என்பவை ஒட்டுண்ணி உள்ள சிவப்பணு முழுக்கத் தூவினாற்போல் தெரியும் ரோஜா நிறப் பொடிப் புள்ளிகள். வில்ஹெல்ம் ஷூஃப்னர் சுமத்ராவின் டெலி பகுதியில் மருத்துவராக இருந்தபோது 1899-ல் இவற்றை விவரித்தார். வைவாக்ஸுக்கும் ஓவேலுக்கும் இதுதான் அடையாளம். ஆனால் இந்தப் புள்ளிகள் ஒட்டுண்ணி இருந்தால் மட்டும் வந்துவிடுவதில்லை, சாயத்தின் பிஎச் சரியாக இருந்தால்தான் வரும்.

ஜீம்சா சாயத்தைக் கரைக்கும் தண்ணீர் 7.2 பிஎச் அளவில் இருக்க வேண்டும். பலர் காய்ச்சி வடித்த தண்ணீர் என்றால் நடுநிலையாகத்தான் இருக்கும் என்று நம்பி அதையே ஊற்றுகிறார்கள். திறந்து வைத்த வடிநீர் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுத்து அமிலமாகிவிடும். ஆர்ஓ தண்ணீருக்கும் இதே கதைதான். அமிலச் சாயத்தில் சிவப்பணு பளிச்சென்ற இளஞ்சிவப்பாக அழகாகத் தெரியும், ஒட்டுண்ணியின் நீலம் வெளிறும், புள்ளிகள் காணாமல் போகும். பொதுவான ரத்தப் பரிசோதனைக்குச் சாயமிட 6.8 பிஎச் உள்ள தாங்கல் கரைசலை வைத்திருக்கும் ஆய்வகங்களில் அதையே மலேரியா ஸ்லைடுக்கும் ஊற்றும்போது நடப்பதும் இதுதான். போர்வெல் தண்ணீர் மாதிரி காரம் அதிகமானால் நேர்மாறு. எல்லாமே நீலம் பாய்ந்து, சிவப்பணு சாம்பல் நீலமாகி, ஒட்டுண்ணி பின்னணியோடு கலந்துவிடும்.

ஒட்டுண்ணியைப் பார்ப்பதற்கு முன் வெள்ளையணுவைப் பாருங்கள். இது என் தினசரிப் பழக்கம். நியூட்ரோஃபில்லின் கரு அடர்ந்த ஊதாவாகவும் தெளிவான ஓரத்தோடும் இருக்க வேண்டும். சிவப்பணு லேசான சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு. இந்த இரண்டும் சரி என்றால் சாயத்தை நம்பலாம். அந்த ஸ்லைடில் புள்ளி இல்லையென்றால் உண்மையிலேயே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வெள்ளையணுவின் கருவே வெளிறி இருந்தால் "புள்ளி இல்லை" என்ற வாக்கியத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

சரிசெய்ய ஒரு முறை: 7.2 தாங்கல் கரைசலை மாத்திரையிலிருந்தோ பாஸ்பேட் உப்புகளிலிருந்தோ தயாரித்து, பயன்படுத்தும் நாளில் பிஎச் மீட்டரால் பார்த்துவிடுங்கள். அவசரமென்றால் பத்து சதவீத ஜீம்சாவில் எட்டிலிருந்து பத்து நிமிடம். நேரம் இருந்தால் மூன்று சதவீதத்தில் 45 முதல் 60 நிமிடம். புள்ளிகளைத் தேடும்போது நான் இரண்டாவதையே விரும்புகிறேன், நிறங்கள் நன்றாகப் பிரியும். கரைத்த சாயத்தை அடுத்த நோயாளிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், அது சீக்கிரமே படிந்து பலம் இழந்துவிடும். முடிந்ததும் சாயத்தைக் கவிழ்த்து ஊற்றாமல் தண்ணீரை மெதுவாக விட்டு மிதக்கவிட்டு வெளியேற்றுங்கள். கவிழ்த்தால் மேலே மிதக்கும் உலோகப் பளபளப்புள்ள ஆடை அப்படியே பூச்சின் மேல் படிந்துவிடும்.

"உருண்டையாக, கெட்டியாக இருக்கிறது. எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை"

உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது?

உறையாமல் இருக்க இடிடிஏ குழாயில் எடுத்த ரத்தம் காத்திருக்கக் காத்திருக்க உள்ளே இருக்கும் ஒட்டுண்ணி உருமாறுகிறது. வைவாக்ஸ் தன் கால்களை உள்ளிழுத்துக்கொண்டு உருண்டுவிடும், அப்போது பார்க்க மலேரியே வகை போல இருக்கும். புள்ளிகள் மங்கும். சில ஒட்டுண்ணிகள் சிவப்பணுவின் ஓரத்தில் ஒட்டியது போலத் தெரிந்து ஃபால்சிபேரத்தை நினைவூட்டும். இன்னொரு பக்கம், ஃபால்சிபேரத்தின் பிறைகள் குளிர்ந்ததும், கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறியதும், கொசுவின் வயிற்றுக்குள் போய்விட்டதாக எண்ணி உருண்டையாகத் தொடங்கும். ஆண் கேமட்டோசைட் சாட்டை போன்ற இழைகளைக்கூட வெளியே வீசும். அல்ஃபோன்ஸ் லாவரான் 1880 நவம்பரில் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைனில் மலேரியா நோயாளியின் ரத்தத் துளியில் நெளியக் கண்டது இந்த இழைகளைத்தான். அவருக்கு அது ஒட்டுண்ணி உயிருள்ளது என்பதற்குச் சான்று. நமக்கு அது ரத்தம் தாமதமாகிவிட்டது என்பதற்குச் சான்று.

ஆகவே பிறை இல்லை என்பதை வைத்து ஃபால்சிபேரம் இல்லை என்று பழைய குழாய் ரத்தத்தில் சொல்லாதீர்கள். குழாய் ரத்தத்திலிருந்து பூச்சு எடுப்பதென்றால் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதைத் தாண்டியிருந்து வடிவம் குழப்பினால் விரலில் குத்திப் புதுப் பூச்சு எடுங்கள். பழைய ஸ்லைடை அரை மணி நேரம் முறைத்துப் பார்ப்பதைவிட அது வேகம்.

"சிவப்பணுவின் குறுக்கே பட்டை போல இருக்கிறது"

பாடநூல் சொல்வது மலேரியே. அதன் சிவப்பணு பெரிதாகாது, சில சமயம் சுருங்கியும் இருக்கும், புள்ளிகள் கிடையாது, எண்ணிக்கை எப்போதும் குறைவு. ஆனால் மலேசியாவிலோ இந்தோனேசியக் காட்டுப் பகுதியிலோ இருந்து வந்தவர் என்றால் அங்கே நிறுத்தாதீர்கள். குரங்குகளிடமிருந்து பரவும் நோலெசியின் இளம் வளையம் ஃபால்சிபேரம் போல இருக்கும், வளர்ந்த நிலை மலேரியே போல இருக்கும். சரவாக்கின் கபிட் பகுதியில் நுண்ணோக்கியில் மலேரியே என்று எழுதப்பட்ட பலருக்கு உண்மையில் இருந்தது நோலெசி என்று 2004-ல் பல்பீர் சிங் குழுவினர் பிசிஆர் மூலம் காட்டினார்கள். மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. பட்டை வடிவமும் அதிக எண்ணிக்கையும் சேர்ந்து வந்தால் அது மலேரியே ஆக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நுண்ணோக்கி இரண்டையும் உறுதியாகப் பிரிக்காது. "மலேரியே அல்லது நோலெசி" என்றே எழுதி, பிசிஆருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

முட்டை வடிவச் சிவப்பணு, கிழிந்த ஓரம், கூடவே புள்ளிகள் என்றால் ஓவேல். இங்கே பார்க்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவரா என்று கேளுங்கள்.

"இது ஒட்டுண்ணியா, அழுக்கா?"

அதிகம் ஏமாற்றுவது சிவப்பணுவின் மேல் உட்கார்ந்த தட்டணு. சுற்றிலும் மெல்லிய வெளிர் வளையம் இருக்கும், உள்ளே ஊதாப் பொடிகள் இருக்கும், ஆனால் சிவப்பான குரோமாட்டினும் நீலச் சைட்டோபிளாசமும் தனித்தனியாகப் பிரிந்து தெரியாது. நுண்திருகைக் கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்புங்கள். ஒட்டுண்ணி சிவப்பணுவோடு ஒரே தளத்தில் தெளிவாகும். மேலே உட்கார்ந்த தட்டணுவும் சாயத் துகளும் வேறு தளத்தில் தெளிவாகும். அதே ஃபீல்டில் சிவப்பணுவுக்கு வெளியே கிடக்கும் தட்டணு ஒன்றைத் தேடி, இரண்டும் ஒரே உருவமா என்று பார்ப்பதும் நல்ல வழி. தடித்த பூச்சில் எனக்கு ஒரே விதி: சிவப்பும் நீலமும் இரண்டும் தெரியாத எதையும் ஒட்டுண்ணி என்று எண்ணுவதில்லை.

இரண்டு வகையும் சேர்ந்த ஒரு ஸ்லைடு

ஒரு மழைக்காலத்தில் ஜார்க்கண்டிலிருந்து சென்னைக்கு வந்து பதினெட்டு நாள் ஆன ஒரு கட்டடத் தொழிலாளி. நான்கு நாளாகக் காய்ச்சல். காலை ஒன்பது மணிக்கு வேறோர் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்திருந்தார்கள். குழாய் எங்களிடம் வந்தபோது மாலை மூன்று. அதிலிருந்து எடுத்த மெல்லிய பூச்சில் கெட்டியான உருண்டைகள் இருந்தன, சிலவற்றின் உள்ளே பழுப்பு நிறமி சிதறியிருந்தது. இரண்டு ஒட்டுண்ணிகள் சிவப்பணு ஓரத்தில் ஒட்டியிருந்தன. புள்ளி எங்கும் இல்லை. வைவாக்ஸ், மலேரியே, ஃபால்சிபேரம் என்று எதை எழுதினாலும் ஆதாரம் காட்டிவிடலாம் போலிருந்தது. ஆறு மணி நேர ரத்தம் என்பதால் எதையும் எழுதவில்லை. அவரை வரவழைத்து விரலில் குத்திப் புதுப் பூச்சு எடுத்தோம்.

தடித்த பூச்சு: 200 வெள்ளையணுவை எண்ணுவதற்குள் 150 ஒட்டுண்ணிகள். நூறைத் தாண்டிவிட்டதால் அங்கேயே நிறுத்தலாம், குறைந்திருந்தால் 500 வெள்ளையணு வரை எண்ண வேண்டும். ஒரு மைக்ரோலிட்டரில் 8000 வெள்ளையணு என்ற வழக்கமான கணக்கின்படி,

```
150 × 8000 ÷ 200 = 6000
```

மைக்ரோலிட்டருக்கு 6000 ஒட்டுண்ணி. சிவப்பணு மைக்ரோலிட்டருக்கு 45 லட்சம் என்று வைத்தால் ஏறக்குறைய 750 சிவப்பணுவுக்கு ஒன்று. மெல்லிய பூச்சில் ஒரு ஃபீல்டுக்கு 200 சிவப்பணு இருந்தால் நான்கு ஃபீல்டுக்கு ஒரு ஒட்டுண்ணி கிடைக்க வேண்டும். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்வேன். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தால் ஏதோ தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

நூறு ஃபீல்டில் 24 கிடைத்தன. அதில் 19 தெளிவான வைவாக்ஸ். பெரிய வெளிறிய சிவப்பணு, கோணலான ஒட்டுண்ணி, நிறையப் புள்ளிகள். மிச்சம் ஐந்தும் வேறு மாதிரி. சாதாரண அளவுச் சிவப்பணு, மெல்லிய சின்ன வளையம், புள்ளி இல்லை, அதில் இரண்டுக்கு இரட்டைக் குரோமாட்டின். இந்த ஐந்தும் அப்போதுதான் நுழைந்த வைவாக்ஸாகவும் இருக்கலாம், ஃபால்சிபேரமாகவும் இருக்கலாம். 19 வைவாக்ஸைப் பார்த்த பிறகு மனம் மீதியையும் அதே கணக்கில் சேர்க்கத்தான் பார்க்கும். ஆனால் சாயம் நன்றாக இருந்தது, பக்கத்து ஃபீல்டிலேயே புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. வந்த இடமும் ஜார்க்கண்ட். எனவே தடித்த பூச்சுக்கே திரும்பினேன். தேடியது பிறையை. 100 ஃபீல்டோடு நிறுத்தாமல் 200 வரை போவதென்று முடிவு செய்தேன். 163-ஆவது ஃபீல்டில் ஒரு பிறை, நடுவில் திரண்ட நிறமியோடு. 190-ஐ ஒட்டி இன்னொன்று.

ஊரிலிருந்து கிளம்பும்போதே ஃபால்சிபேரம் உள்ளே இருந்திருக்கும், பிறை வளர அவ்வளவு நாள் வேண்டும். காலைக் குழாயில் பார்த்த நிறமியுள்ள உருண்டைகளில் ஒன்றிரண்டு இந்தப் பிறைகளே உருண்டவையாக இருந்திருக்கலாம். அறிக்கை இப்படிப் போனது: வைவாக்ஸும் ஃபால்சிபேரமும் கலந்த தொற்று, இரண்டின் பாலிலி இனப்பெருக்க நிலைகளும் உள்ளன, ஃபால்சிபேரம் கேமட்டோசைட் உண்டு, மொத்தம் மைக்ரோலிட்டருக்கு 6000. பிரைமாகுவின் சிவப்பணுக்களை உடைக்கும் ஆபத்து உண்டா என்று மருத்துவர் ஜி6பிடி பரிசோதனை செய்துவிட்டு, கூட்டு மருந்தோடு பதினான்கு நாள் பிரைமாகுவினும் எழுதினார்.

மூன்றாம் நாள் மறுபூச்சில் வளையம் ஒன்றும் இல்லை, பிறை மட்டும் மூன்று. "மருந்து வேலை செய்யலையா?" என்று மருத்துவர் தொலைபேசியில் கேட்டார். "வளையம் முழுசா போயிடுச்சு டாக்டர், இது பிறை மட்டும்தான். கூட்டு மருந்துக்கு முதிர்ந்த பிறை சீக்கிரம் சாகாது, பிரைமாகுவின்தான் அதை எடுக்கும்" என்றேன். அன்றிலிருந்து மறுபூச்சு அறிக்கையில் "பாசிட்டிவ்" என்று எழுதுவதை விட்டுவிட்டேன். எந்த நிலை, எத்தனை என்று பிரித்தே எழுதுகிறேன்.